வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு 25-ஆவது பெயரும்: முறைசார் மாதிரியா, குலுக்கல் மாதிரியா?

ஒரு வாக்குச்சாவடியின் பட்டியல் கையில் இருக்கிறது. அதில் ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள். நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். அந்த நாற்பது பேரை எப்படி எடுப்பது?

இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் 1 முதல் கடைசி எண் வரை எல்லா எண்களையும் போட்டுக் குலுக்கி, நாற்பதை எடுக்கிறோம். இதுதான் எளிய சமவாய்ப்பு மாதிரி. இரண்டாவது வழியில் ஓர் எண்ணை மட்டும் குலுக்கி எடுத்து, அதிலிருந்து 25 தள்ளி, இன்னும் 25 தள்ளி என்று கடைசி வரை எண்ணிக்கொண்டே போகிறோம். இது முறைசார் மாதிரி. டெல்லியில் உள்ள சிஎஸ்டிஎஸ் ஆய்வு மையத்தின் லோக்நீதி பிரிவு நடத்தும் தேர்தல் ஆய்வுகளில் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களை எடுப்பது இந்த இரண்டாவது வழியில்தான். கல்லூரி மாணவர்கள் களத்துக்குப் போகும்போதும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஏன் செய்கிறோம், எப்போது செய்யக்கூடாது என்பதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு.

இரண்டு வழியிலும் ஒவ்வொரு பெயருக்கும் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றுதான். 25-க்கு ஒருவர் என்றால் யாராக இருந்தாலும் 25-இல் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால் "எது நியாயமானது" என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை, இரண்டும் நியாயமானவை. வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேரிலிருந்து நாற்பது பேரைக் குலுக்கினால் வரக்கூடிய குழுக்களின் எண்ணிக்கை 73 இலக்கம் கொண்ட ஓர் எண். இடைவெளி 25 வைத்து எண்ணினால் வரக்கூடிய குழுக்கள் மொத்தமே 25. தொடக்க எண் 1 என்றால் ஒரு குழு, 2 என்றால் இன்னொரு குழு, அவ்வளவுதான். அந்த 25 குழுக்களும் ஊரைப்போலவே இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். அவற்றில் பாதி ஒருபக்கமாகவும் மீதி மறுபக்கமாகவும் சாய்ந்திருந்தால், எந்தக் குழு வந்தாலும் தவறுதான். அது பட்டியலின் வரிசையைப் பொறுத்தது. ஆகவே முறைசார் மாதிரி எடுப்பவர் பெயர்களைப் பார்ப்பதற்கு முன் வரிசையைப் பார்க்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கற்பனைப் பாகத்தை, அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியலை, எடுத்துக்கொள்வோம். பெயர்களும் தெருக்களும் கற்பனைதான் என்றாலும், வடிவம் நம் ஊர்ப் பட்டியல்களில் காணும் வடிவம்.

1. பட்டியலைச் சுத்தம் செய்து புது எண் போடுங்கள்

அச்சிட்ட பட்டியலில் கடைசி வரிசை எண் 1090 என்று இருக்கிறது. பலர் இதையே மொத்தமாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று நீக்கம் குறிக்கப்பட்டவர்களின் வரிசை எண் அப்படியே நிற்கும். நம் பாகத்தில் அப்படி 47 பேர். அவர்களை விட்டால் 1043 பேர்தான் மிச்சம். இவர்களுக்கு 1 முதல் 1043 வரை புதிதாக எண் போட வேண்டும். இனி எல்லாக் கணக்கும் இந்தப் புது எண்ணில்தான்.

நீக்கப்பட்டவரின் எண் விழுந்தால் "சரி, அடுத்த பெயரை எடுத்துக்கொள்ளலாம்" என்று செய்வதைப் பார்த்திருக்கிறேன். பார்க்க ஒன்றும் ஆகாததுபோல இருக்கும். ஆனால் நீக்கப்பட்ட பெயருக்கு அடுத்து நிற்பவருக்கு இரட்டிப்பு வாய்ப்பு கிடைத்துவிடுகிறது. அடுத்தடுத்து மூன்று நீக்கம் இருந்தால் நான்கு மடங்கு. நீக்கங்கள் சீராகப் பரவி இருப்பதில்லை. வாடகைக் குடித்தனங்கள் அதிகம் உள்ள தெருவில் குவிந்திருக்கும். எனவே முதலில் சுத்தம், பிறகு எண்.

இன்னொரு விஷயம், துணைப் பட்டியல். திருத்தத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பாகத்தின் கடைசியில் தனியாக நிற்பார்கள். 18 வயது நிரம்பிப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் அங்கேதான் இருப்பார்கள். அதை மறந்துவிட்டால் இளைஞர்கள் மாதிரியில் குறைந்துபோவார்கள். நம் பாகத்தில் துணைப் பட்டியலில் 3 பேர். சேர்த்துவிட்டோம்.

இப்போது வரிசை இப்படி நிற்கிறது: 1 முதல் 520 வரை தெற்குத் தெரு. 521 முதல் 780 வரை அரசு ஊழியர் குடியிருப்பு. 781 முதல் 1040 வரை காலனி. 1041 முதல் 1043 வரை துணைப் பட்டியல்.

2. வரிசையைப் படியுங்கள்

எதையும் எண்ணுவதற்கு முன்னால் அரை மணி நேரம் பட்டியலைப் படிக்க வேண்டும். இரண்டு விஷயங்களைத் தேட வேண்டும். ஒன்று நமக்கு உதவும், மற்றொன்று நம்மைக் கவிழ்க்கும்.

உதவுவது தெரு வரிசை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் தெரு என்பது வெறும் முகவரி இல்லை என்பது தெரிந்ததுதான். யார் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதில் சாதி இருக்கிறது, நிலம் இருக்கிறது, ரேஷன் அட்டையின் வகை இருக்கிறது, யாருக்கு ஓட்டு என்பதும் ஓரளவு இருக்கிறது. பட்டியல் தெருவாரியாக அடுக்கப்பட்டிருப்பதால், சீரான இடைவெளியில் எண்ணிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு தெருவிலிருந்தும் அதன் அளவுக்கு ஏற்ற பங்கு தானாக வந்துவிடுகிறது. காலனியில் 260 பேர் இருந்தால், இடைவெளி 25 வைத்தால் 10 அல்லது 11 பேர் கட்டாயம் வருவார்கள். யாரும் எதையும் தனியாகத் திட்டமிட வேண்டியதில்லை.

குலுக்கல் மாதிரியில் இந்த உறுதி கிடையாது. இடைவெளி 25-இல் கிடைக்கும் அளவுக்கே 42 பேரைக் குலுக்கினால் காலனியிலிருந்து சராசரியாக 10 அல்லது 11 பேர் வருவார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரே ஒரு குலுக்கலில் 5 பேரும் வரலாம், 16 பேரும் வரலாம். இருபதில் பத்தொன்பது முறை அந்த வரம்புக்குள் இருக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும். 5 பேர் மட்டும் வந்த மாதிரியை வைத்து "இந்த ஊரில் இத்தனை சதவீதம்" என்று எழுதினால், அது தெற்குத் தெருவும் குடியிருப்பும் சொன்ன பதில்தான். பிறகு எடை போட்டுச் சரிக்கட்டலாம், ஆனால் 5 பேரின் பதிலை இரண்டு மடங்காக்கினால் அந்த ஐவரின் தற்செயலும் இரண்டு மடங்காகிவிடும்.

கவிழ்ப்பது, வரிசைக்குள் திரும்பத் திரும்ப வரும் தாளம். நம் பாகத்தில் அது அரசு ஊழியர் குடியிருப்பில் இருக்கிறது. 130 வீடுகள், வீட்டுக்கு இரண்டு வாக்காளர்கள், முதலில் கணவர் அடுத்து மனைவி. 521 கணவர், 522 மனைவி, 523 கணவர் என்று 780 வரை இப்படியே போகிறது. பிள்ளைகளுக்கு இன்னும் ஓட்டு வயது வராத, எல்லோரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் குடிவந்த இடங்களில் இப்படி அமைவது உண்டு. தெற்குத் தெருவில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒரு வீட்டில் இரண்டு பேர், இன்னொன்றில் ஏழு பேர், அடுத்ததில் தனியாக ஒரு பாட்டி என்று தாளம் கலைந்துவிடும்.

3. மாதிரி அளவும் இடைவெளியும்

நமக்குத் தேவை 40 பேர். 1043-ஐ 40-ஆல் வகுத்தால் 26.075. முழு எண்ணாக 26. இங்கேதான் அவசரப்படக்கூடாது.

26 இரட்டைப்படை எண். தொடக்க எண் 7 என்று வைத்துக்கொள்வோம். 7, 33, 59 என்று எண்ணிக்கொண்டு போனால் எல்லாமே ஒற்றைப்படை எண்கள்தான். குடியிருப்புக்குள் நுழையும்போது 527, 553, 579 என்று 761 வரை பத்து எண்கள். பத்தும் ஒற்றைப்படை, பத்தும் கணவர்கள். தொடக்க எண் 8 என்றால் பத்தும் மனைவிகள். மற்ற இரண்டு பகுதிகளிலும் ஆண் பெண் சரிபாதியாக வந்தால்கூட, மொத்த மாதிரியில் பெண்கள் 15 பேராகவோ 25 பேராகவோ இருப்பார்கள். நடுவில் 20 என்று வரும் வாய்ப்பு மங்கிவிடுகிறது. இடைவெளி 26-க்கு உள்ள 26 தொடக்கங்களில் பாதி ஒருபக்கம், பாதி மறுபக்கம்.

இதில் ஒரு நுணுக்கம். 26 தொடக்கங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் விடை சரியாகத்தான் வரும். அதாவது பாடநூல் சொல்லும் பொருளில் இந்த முறையில் சாய்வு எதுவும் இல்லை. ஆனால் நாம் எடுப்பது ஒரே ஒரு தொடக்கம். நம் கையில் வரும் அந்த ஒன்று தவறாக இருக்கும்.

இடைவெளியை 25 ஆக்கினால் என்ன ஆகிறது? தொடக்கம் 7 என்றால் 7, 32, 57, 82. ஒற்றை, இரட்டை என மாறி மாறி வருகிறது. குடியிருப்பில் 532, 557, 582 என்று 757 வரை பத்து எண்கள். ஐந்து மனைவிகள், ஐந்து கணவர்கள். குலுக்கல் மாதிரியே இவ்வளவு ஒழுங்காகத் தந்திருக்காது. ஆக, அதே பட்டியல், அதே தாளம், இடைவெளியில் ஒரே ஒரு எண் வேறுபாடு. ஒன்று படுமோசம், மற்றது குலுக்கலைவிட நல்லது. இரண்டிரண்டாக அமைந்த பட்டியல் என்று தெரிந்தால் ஒற்றைப்படை இடைவெளி வைக்க வேண்டும். மூன்று மூன்றாக அமைந்திருந்தால் மூன்றால் வகுபடாத எண். இடைவெளியும் தாளமும் பொது வகுஎண் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி.

பட்டியல் எக்செல்லில் இருந்தால் கண்ணை நம்ப வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலிலேயே பாலினமும் வயதும் இருக்கின்றன. A நெடுவரிசையில் புது எண் இருக்கட்டும். பக்கத்தில் இதைப் போட்டு கீழே இழுத்துவிடுங்கள்:

```
=MOD(A2-1,26)+1
```

ஒவ்வொரு பெயருக்கும் அது எந்தத் தொடக்க எண்ணின் குழுவில் விழும் என்பது கிடைத்துவிடும். பிவட் அட்டவணையில் 26 குழுக்களுக்கும் பெண்கள் சதவீதத்தைப் பாருங்கள். குலுக்கலாக இருந்தால் நாற்பது பேர் குழுவில் இந்தச் சதவீதம் 50-இலிருந்து ஏறத்தாழ 8 புள்ளி இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடும். 26 குழுக்களின் திட்ட விலக்கம் 8-ஐவிடத் தெளிவாக அதிகமாக இருந்தாலோ, ஒற்றைத் தொடக்கங்கள் ஒருபக்கமும் இரட்டைத் தொடக்கங்கள் மறுபக்கமும் நின்றாலோ அந்த இடைவெளியைக் கைவிடுங்கள். 26-ஐ 25 ஆக்கி மறுபடி பாருங்கள். வயதுக்கும் இதையே செய்யலாம்.

இந்தச் சோதனை குலுக்குவதற்கு முன்பு செய்ய வேண்டியது. தொடக்க எண் வந்து, பெயர்களைப் பார்த்து, "பெண்கள் குறைவாக இருக்கிறார்களே" என்று மறுபடி குலுக்குவது வேறு விஷயம். அது மாதிரியை நாமே பொறுக்குவது.

தாளத்தின் ஆபத்துக்கு அமெரிக்காவில் நன்கு அறியப்பட்ட ஓர் உதாரணம் உண்டு. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளோடு, 20-க்கு ஒருவரிடம் மட்டும் கூடுதல் கேள்விகள் கேட்டார்கள். படிவத்தின் ஒரு பக்கத்தில் 40 வரிகள், அதில் 2 வரிகள் மாதிரி வரிகள். கணக்கெடுப்பாளர் ஒரு பகுதியைத் தொடங்கும்போது முதல் வரியில் எழுதுவது பெரும்பாலும் தெருமுனை வீட்டின் குடும்பத்தலைவரை. அதனால் முதல் சில வரிகளில் ஆண்களும் குடும்பத்தலைவர்களும் அளவுக்கு மீறி இருப்பார்கள் என்பதைப் புள்ளியியலாளர்கள் முன்பே கண்டுகொண்டார்கள். எல்லாப் படிவத்திலும் ஒரே வரிகளை வைக்காமல் ஐந்து வகைப் படிவங்களை அச்சடித்தார்கள். பெரும்பாலான படிவங்களில் முதல் பக்கத்தின் 14, 29 ஆகிய வரிகள் மாதிரி வரிகள், மற்ற வகைகளில் வேறு வரிகள். தாளத்தை ஒழிக்க முடியாதபோது அதைப் பரப்பிவிடுவது என்ற யோசனை.

4. மிச்சம் விழுந்தால் என்ன செய்வது

1043-ஐ 25-ஆல் வகுத்தால் 41 முழுதாக வந்து 18 மிச்சம். ஆகவே தொடக்க எண் 1 முதல் 18 வரை வந்தால் 42 பேர், 19 முதல் 25 வரை வந்தால் 41 பேர். மாதிரி அளவு ஒன்று கூடலாம், குறையலாம். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒவ்வொருவரின் வாய்ப்பும் 25-இல் ஒன்றாகவே இருக்கிறது.

கெடுதல் வருவது "எனக்கு 40 போதும்" என்று 40-இல் நிறுத்தும்போது. அப்படி நிறுத்தினால் 1000-க்கு மேல் உள்ள 43 பேருக்கு வாய்ப்பே இல்லை. தொடக்கம் 25 ஆக இருந்தாலும் நாற்பதாவது எண் 1000-தான். அந்த 43 பேர் யார்? காலனியின் கடைசி வீடுகளும் துணைப் பட்டியலின் புது வாக்காளர்களும். பெரிய மாதிரியில் இது இன்னும் பயங்கரம். 400 பேர் தேவை, 1043-ஐ வகுத்தால் 2.6, கீழே இறக்கி இடைவெளி 2 என்று வைத்து 400-இல் நிறுத்தினால் 800-ஆம் எண்ணோடு வேலை முடிந்துவிடும். காலனி முழுக்கவே அநேகமாக வெளியே. களத்தில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் மோசமானது என்பேன். ஏனென்றால் அறிக்கையைப் படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

மாதிரி அளவு சரியாக ஓர் எண்ணாகவே இருக்க வேண்டும் என்றால் இரண்டு வழிகள். இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த டி. பி. லாகிரி 1950-களின் தொடக்கத்தில் காட்டிய வட்ட முறை ஒன்று. பட்டியலை வட்டமாக நினைத்துக்கொண்டு, தொடக்க எண்ணை 1 முதல் 25-க்குள் அல்லாமல் 1 முதல் 1043-க்குள் குலுக்க வேண்டும். அங்கிருந்து 25 தள்ளித் தள்ளி எண்ணி, கடைசியைத் தாண்டினால் முதலிலிருந்து தொடர வேண்டும். 41 பேர் என்றால் 41-இல் நிறுத்தலாம். தொடக்கம் எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்பதால் யாரும் விடுபடுவதில்லை. மற்றது பின்ன இடைவெளி: 26.075-ஐ அப்படியே வைத்துக்கொண்டு கூட்டிக்கொண்டே போய், வரும் ஒவ்வொரு விடையையும் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றுவது. கணினியில் எளிது, காகிதத்தில் எரிச்சல். இந்த முறையில் இடைவெளி பெரும்பாலும் 26 ஆகவே விழும் என்பதால் நம் குடியிருப்புத் தொல்லை திரும்ப வந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

41-ஓ 42-ஓ பரவாயில்லை என்றால் இதெல்லாம் வேண்டாம். சாதாரண முறையே போதும்.

5. தொடக்க எண்

முறைசார் மாதிரியில் தற்செயல் இருப்பது இந்த ஓர் எண்ணில் மட்டும்தான். அதனால் இதை "சும்மா 10-இலிருந்து ஆரம்பிப்போம்" என்று மனதில் தோன்றியபடி எடுக்கக்கூடாது. 25 தொடக்கங்கள்தான் இருக்கின்றன என்பதால், பட்டியல் தெரிந்த ஒருவர் ஐந்து நிமிடத்தில் தனக்கு வசதியான தொடக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தூரத்து வீடுகள் வராத தொடக்கம், பெரியவர் வீடு வராத தொடக்கம் என்று. களத்துக்குப் போகாத ஒருவர், பட்டியலைப் பார்க்காமல், ஒரே முறை எடுக்கட்டும். எண்ணையும் தேதியையும் உடனே எழுதிவையுங்கள்.

எக்செல்லில் `=RANDBETWEEN(1,25)`. ஆனால் அது ஒவ்வொரு முறை கோப்பு அசையும்போதும் மாறிக்கொண்டே இருக்கும், வந்த எண்ணை மதிப்பாக ஒட்டிவிட வேண்டும். பைத்தானில் இரண்டு மாதிரிகளும் சில வரிகள்தான்:

```python
import random
random.seed(4817)
N, k = 1043, 25
r = random.randint(1, k)
murai = list(range(r, N + 1, k))
kulukkal = sorted(random.sample(range(1, N + 1), 42))
```

விதை எண்ணை முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவைத்தால், பின்னர் யார் வேண்டுமானாலும் அதே பெயர்களைத் திரும்ப எடுத்துச் சரிபார்க்கலாம்.

நம் பாகத்தில் வந்த தொடக்கம் 7 என்று கொள்வோம். கடைசி எண் 1032. மொத்தம் 42 பேர். தெற்குத் தெருவில் 21, குடியிருப்பில் 10, காலனியில் 11. துணைப் பட்டியலிலிருந்து யாரும் இல்லை. அந்த மூவருக்கும் வாய்ப்பு இருந்தது, இந்தத் தொடக்கத்தில் விழவில்லை, அவ்வளவுதான்.

6. களத்தில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்த மாதிரியாக இருந்தாலும், ஆள் இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரரை எடுக்கக்கூடாது. பகலில் வீட்டில் இருப்பவர்கள் ஒரு வகை, வேலைக்குப் போனவர்கள் வேறு வகை. வேறு நேரத்தில் திரும்பப் போக வேண்டும். கிடைக்காதவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே இடைவெளியைக் குறைத்து அதிகம் பேரை எடுத்து, எடுத்த எல்லோரையும் தேட வேண்டும். 40 கிடைத்ததும் நிறுத்தினால் பட்டியலின் கடைசித் தெரு மறுபடியும் விடுபடும்.

7. பிழையைக் கணக்கிடுவது

முறைசார் மாதிரியின் பலவீனம் இங்கேதான் வெளிப்படுகிறது. குலுக்கல் மாதிரியில் கையிலுள்ள 42 பேரின் பதில்களை வைத்தே, மாதிரியின் விடை உண்மையிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகும் என்ற அளவான திட்டப்பிழையைக் கணக்கிட நேர்மையான சூத்திரம் இருக்கிறது. முறைசார் மாதிரியில் அப்படி ஒன்று இல்லை. ஏனென்றால் நாம் குலுக்கியது ஒரே ஓர் எண். 25 குழுக்களிலிருந்து ஒரு குழுவை எடுத்திருக்கிறோம். ஒரே ஒரு குழுவை வைத்து, மற்ற 24 குழுக்கள் எவ்வளவு மாறுபடும் என்று சொல்ல வழியில்லை.

"கடந்த மாதம் ரேஷன் கடையில் அரிசி வாங்கினீர்களா?" என்று கேட்டோம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் தெற்குத் தெருவில் 60 சதவீதம், குடியிருப்பில் 20 சதவீதம், காலனியில் 90 சதவீதம் பேர் வாங்குகிறார்கள் என்பது கணக்குக்காக நாம் வைக்கும் எண்கள். ஊர் முழுக்கச் சேர்த்தால் 57.5 சதவீதம். 42 பேரைக் குலுக்கி எடுத்தால் திட்டப்பிழை 7.5 சதவீதப் புள்ளி. தெருவாரியாகச் சீராக எடுத்தால், தெருவுக்குள் வேறு தாளம் இல்லாதவரை, ஏறத்தாழ 6.5. குலுக்கல் முறையில் இதே துல்லியம் வேண்டுமென்றால் 55 அல்லது 56 பேரைப் பார்க்க வேண்டும். பதிமூன்று வீடுகள் மிச்சம். மாயமில்லை, ஆனால் இலவசமாகக் கிடைப்பது. தெருக்களுக்கிடையே வேறுபாடு குறைந்த கேள்வியானால், உதாரணத்துக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறதா என்றால், இந்த லாபம் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போய்விடும்.

பலர் முறைசார் மாதிரிக்கும் குலுக்கலின் சூத்திரத்தையே போட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் அப்படிச் செய்தால் 7.5 என்று எழுதுவோம், உண்மை 6.5. தப்பு பாதுகாப்பான பக்கம் இருக்கிறது. ஆனால் இடைவெளி 26 வைத்துப் பெண்கள் சதவீதத்தைக் கணக்கிட்டவருக்கு அதே சூத்திரம் எந்த எச்சரிக்கையும் தராது. ஆபத்து இருக்கும் இடத்தில்தான் சூத்திரம் குருடாகிறது.

இதைவிட நல்ல, கையால் போடக்கூடிய வழி ஒன்று. 42 பேரையும் பட்டியல் வரிசையில் வைத்து, முதலாமவரையும் இரண்டாமவரையும் ஒரு ஜோடி, மூன்றாமவரையும் நான்காமவரையும் ஒரு ஜோடி என்று 21 ஜோடிகளாக்குங்கள். எத்தனை ஜோடிகளில் பதில் வேறுபடுகிறது என்று எண்ணுங்கள். 8 என்று வந்தால் 8/42 = 0.19 என்பது அக்கம்பக்கத்துக்குள் உள்ள மாறுபாடு. அதை மறுபடி 42-ஆல் வகுத்து, பட்டியலில் எடுக்காத பங்கான 0.96-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் 0.066, அதாவது 6.6 புள்ளி. ஜோடியில் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே தெரு என்பதால், தெருக்களுக்கிடையே உள்ள வேறுபாடு இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் மறைந்திருக்கும் தாளத்தை இதுவும் காட்டாது.

தாளத்தையும் காட்டக்கூடிய வழி வேண்டுமென்றால், தொடக்கத்தை ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டும். இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகாலனோபிஸ் வங்காளத்துப் பயிர் ஆய்வுகளில் கையாண்ட ஊடுபாவு மாதிரிகளின் யோசனை இது: ஒரே பெரிய மாதிரிக்குப் பதிலாக, தனித்தனியாக எடுத்த சில சிறிய மாதிரிகள், ஒவ்வொன்றும் தனியாக ஒரு விடை தரும். அவை தமக்குள் எவ்வளவு முரண்படுகின்றன என்பதே பிழையின் அளவு.

நம் பாகத்தில் இடைவெளியை 101 ஆக்கி (100 என்றால் மறுபடி இரட்டைப்படை), 1 முதல் 101-க்குள் நான்கு வெவ்வேறு தொடக்கங்களைக் குலுக்குவோம். 12, 38, 55, 90 என்று வந்தால் முதலாவதில் 11 பேர், மற்றவற்றில் பத்துப் பத்துப் பேர், மொத்தம் 41. அரிசி வாங்கியவர்கள் முறையே 64, 50, 60, 50 சதவீதம் என்று வந்தது என்க. சராசரி 56. அதிலிருந்து வேறுபாடுகள் 8, 6, 4, 6. வர்க்கங்களைக் கூட்டினால் 152. அதை 4 × 3 = 12-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3.6 புள்ளி.

6.5 வர வேண்டிய இடத்தில் 3.6 எப்படி வந்தது? நான்கே எண்களை வைத்துப் போட்ட கணக்கு அவ்வளவு ஆட்டம் காணும். இன்னொரு முறை எடுத்தால் 9-கூட வரலாம். அதனால் இங்கே 95 சதவீத வரம்புக்கு வழக்கமான 2-ஆல் பெருக்கக்கூடாது. நான்கு மாதிரிகளில் ஒன்று குறைத்து வரும் மூன்று சுதந்திரப் படிகளுக்கான 3.18-ஆல் பெருக்க வேண்டும். 56-க்கு இருபுறமும் 11 புள்ளி. ஒரே பாகத்தில் இது பரந்துபட்டதாகத் தெரியும். ஐம்பது பாகங்களில் ஒவ்வொன்றிலும் இப்படிச் செய்து சேர்க்கும்போது இந்த ஆட்டம் அடங்கிவிடும்.

8. எப்போது எது

பட்டியல் காகிதத்தில் மட்டும் இருக்கிறது, தெருவாரியாக இருக்கிறது, தாளம் இல்லை அல்லது இடைவெளியால் தவிர்க்க முடிகிறது என்றால் நான் யோசிக்காமல் முறைசார் மாதிரிக்குப் போவேன். நாற்பது குலுக்கல் எண்களைக் காகிதப் பதிவேட்டில் தேடித் தேடி எடுப்பதில் எண்ணும் பிழைகள் அதிகம். சீராக எண்ணும்போது பிழை விழுந்தாலும் கடைசி எண் 1032-இல் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பட்டியல் யாரால், எந்த ஒழுங்கில் தயாரானது என்று தெரியவில்லை, வரிசையைச் சோதிக்கப் பாலினம், வயதுபோல எந்தத் தகவலும் அதில் இல்லை, ஆனால் கணினியில் இருக்கிறது என்றால் குலுக்கல்தான். பட்டியலையே முதலில் குலைத்துவிட்டு அதில் ஒவ்வொரு 25-ஆவது பெயரையும் எடுத்தாலும் கிடைப்பது குலுக்கல் மாதிரிதான். அதில் தெரு வரிசையின் லாபமும் போய்விடும். திட்டப்பிழையை நீதிமன்றத்திலோ தணிக்கையிலோ கேள்வி கேட்கப்போகிறார்கள் என்றாலும் குலுக்கல், அல்லது பல தொடக்கங்கள்.

சம்பளம், மூப்பு, மதிப்பெண் என்று ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ உள்ள பட்டியல் நடுத்தரமானது. முறைசார் மாதிரி குலுக்கலைவிட நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தொடக்கம் 1 என்றால் எல்லா இடைவெளியிலும் சிறியவர், 25 என்றால் எல்லாவற்றிலும் பெரியவர் வருவார். நாற்பது பேர் கொண்ட மாதிரியில் இது சிறிய விஷயம், ஐந்து பேர் கொண்ட மாதிரியில் சிறியதில்லை.

எது எடுத்தாலும் அறிக்கையில் இவை இருக்க வேண்டும்: எந்தத் தேதியிட்ட பட்டியல், நீக்கத்துக்குப் பிறகு எத்தனை பெயர்கள், எந்த வரிசையில் இருந்தது, இடைவெளி, தொடக்க எண், அதை யார் எடுத்தார், எத்தனை பேரைத் தேடி எத்தனை பேர் கிடைத்தார்கள், திட்டப்பிழை எந்த வழியில் போடப்பட்டது. நம் பாகத்துக்கு அது நான்கு வரிகளில் அடங்கிவிடும்.